ஆளும் எந்திரமும் இரட்டித்தால் உற்பத்தி எத்தனை மடங்கு?

ஒரு தொழிற்சாலையில் ஆட்களையும் எந்திரங்களையும் ஒரே நேரத்தில் இரு மடங்காக்குகிறோம். உற்பத்தியும் சரியாக இரு மடங்காகுமா, அதற்கு மேலே போகுமா, கொஞ்சம் பின்தங்குமா? இந்தக் கேள்விக்கான விடையைத்தான் பொருளியலில் அளவு விளைவு என்கிறார்கள். ஓர் ஆலையை நிஜமாகவே இரட்டித்துச் சோதித்துப் பார்க்க யாராலும் முடியாது. ஏற்கெனவே நடந்து முடிந்த உற்பத்திக் கணக்குகளிலிருந்துதான் விடையைப் பிழிந்தெடுக்க வேண்டும்.

அதற்கான வழி 1927இல் அமெரிக்காவில் பிறந்தது. பால் டக்ளஸ் என்ற பொருளியலாளர், 1899 முதல் 1922 வரை அமெரிக்க ஆலைத்தொழிலின் உற்பத்தி, உழைப்பு, மூலதனம் மூன்றையும் மடக்கை அளவில், அதாவது லாக் அளவில், வரைபடமாகப் போட்டுப் பார்த்தார். மூலதனக் கோடு மேலே, உழைப்புக் கோடு கீழே, உற்பத்திக் கோடு இரண்டுக்கும் நடுவே ஓடியது. அதுவும் உழைப்புக் கோட்டிலிருந்து ஏறத்தாழ கால் பங்கு தூரத்தில். இதற்கு என்ன சூத்திரம் பொருந்தும் என்று அவர் ஆம்ஹர்ஸ்ட் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் சார்லஸ் காப்பிடம் கேட்டார். அடுத்த ஆண்டு வெளியான அவர்கள் கட்டுரையிலிருந்து வந்ததுதான் இன்று பாடப்புத்தகங்களில் இருக்கும் காப்–டக்ளஸ் சார்பு.

லாக் எதற்கு? உழைப்பும் மூலதனமும் தனித்தனியாகப் பொருளை உண்டாக்கிப் பிறகு கூட்டிக்கொள்வதில்லை. ஆள் இல்லாத தறியும் நெய்யாது, தறி இல்லாத ஆளும் நெய்ய முடியாது. ஒன்றின் பலன் மற்றொன்றால் பெருக்கப்படுகிறது. பெருக்கலை லாக் கூட்டலாக மாற்றிவிடும். கூட்டலாகிவிட்டால் ரிக்ரெஷன் என்ற சாதாரணப் புள்ளியியல் கருவியே போதும்:

log Y = a + b log L + c log K

Y உற்பத்தி, L உழைப்பு, K மூலதனம். b என்பது உழைப்பு ஒரு சதவீதம் கூடினால் உற்பத்தி எத்தனை சதவீதம் கூடும் என்பது. மூலதனத்துக்கு c. இரண்டும் சேர்ந்து ஒரு சதவீதம் கூடினால் உற்பத்தி b + c சதவீதம் கூடும். அந்தக் கூட்டுத்தொகைதான் நாம் தேடும் அளவு விளைவு. அது 1 என்றால் இரட்டித்தால் இரட்டிப்பு. 1க்கு மேல் என்றால் பெரிதாவதில் ஆதாயம் உண்டு. 1க்குக் கீழ் என்றால் பெரிதாக ஆக ஆலை இளைக்கிறது.

காப்பும் டக்ளஸும் இந்தக் கூட்டுத்தொகையைத் தேடவே இல்லை. அதை 1 என்று முன்கூட்டியே வைத்துக்கொண்டு உழைப்புக்கு முக்கால், மூலதனத்துக்குக் கால் என்று கண்டார்கள். கட்டை அவிழ்த்துவிட்டு, எண்களே சொல்லட்டும் என்று 1937இல் எழுதியவர் டேவிட் டியூரண்ட். அப்படி அவிழ்த்துவிட்டால் அதே 24 ஆண்டுக் கணக்கில் உழைப்பின் கெழு 0.807, மூலதனத்தின் கெழு 0.233 என்று வருகிறது. கூட்டினால் 1.04. இரண்டையும் இரட்டித்தால் உற்பத்தி 2.06 மடங்கு.

அப்படியானால் பெரிதாவதில் ஆதாயம் உண்டு என்று எழுதிவிடலாமா? கூடாது. உழைப்புக் கெழுவின் திட்டப் பிழை மட்டுமே 0.145. இரு கெழுக்களின் பிழைகளும் ஒன்றோடொன்று பின்னிக்கிடப்பதால், தனித்தனிப் பிழைகளை வைத்துக்கொண்டு கூட்டுத்தொகையின் பிழையைச் சொல்லிவிட முடியாது. இதற்கு ஓர் எளிய வழி உண்டு. ஓர் ஆளுக்கான உற்பத்தியின் லாகை, ஓர் ஆளுக்கான மூலதனத்தின் லாகோடும், தனியே உழைப்பின் லாகோடும் சேர்த்து ரிக்ரெஷனில் போட வேண்டும். அப்போது log L-இன் கெழுவாக நிற்பது b + c – 1. அதன் திட்டப் பிழையும் பக்கத்திலேயே வந்துவிடும். இந்தத் தரவில் அந்த 0.04, அதன் பிழையைவிடச் சிறியது. ஆக, 1 என்பதை மறுக்க இந்தக் கணக்கில் ஆதாரம் இல்லை.

ஆனால் பிழை எல்லை காட்டாத கோளாறுகள் உண்டு. 1920, 1921 இரண்டு ஆண்டுகளை மட்டும் எடுத்துப் பார்ப்போம். 1899ஐ 100 என்று வைத்தால், 1920இல் உற்பத்தி 231, உழைப்பு 193, மூலதனம் 407. மறு ஆண்டு மந்தம். உற்பத்தி 179க்கும் உழைப்பு 147க்கும் சரிந்தன. மூலதனமோ 417 ஆக ஏறியது! ஆலையில் ஓடாமல் நின்ற எந்திரமும் புத்தகத்தில் மூலதனமாகவே எழுதப்பட்டதுதான் காரணம். ஓடாத எந்திரத்தை ஓடியதாக எண்ணினால், உற்பத்தியின் ஏற்ற இறக்கம் முழுவதும் உழைப்போடு ஒட்டிக்கொள்ளும். உழைப்பின் கெழு ஊதும், மூலதனத்தின் கெழு சுருங்கும். இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும் என்பதற்கு உத்தரவாதமில்லை. கணக்கு வைத்திருக்கும் ஆலையில் எந்திரம் ஓடிய மணி நேரத்தையோ செலவான மின்சார யூனிட்டையோ மூலதனத்தின் இடத்தில் வைத்து ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது நல்லது. விடை பெரிதாக மாறினால், முதல் விடையை நம்ப வேண்டாம்.

இன்னொரு சோதனை இதைவிடக் கடுமையானது. அந்த 24 ஆண்டுகளில் தொழில்நுட்பமும் முன்னேறியது. ஆகவே காலத்துக்கென்று ஒரு மாறியைச் சேர்ப்பது நியாயம்தான். சேர்த்தால் மூலதனத்தின் கெழு எதிர்க்குறிக்குப் போய் –0.5 அருகில் நிற்கிறது. எந்திரம் கூடக் கூட உற்பத்தி குறையும் என்று அர்த்தம்! 1.04 ஆக இருந்த கூட்டுத்தொகை 0.4 பக்கத்துக்கு விழுகிறது. மூலதனம் ஆண்டுதோறும் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில் வளர்ந்ததால், அதன் லாக் காலத்தோடு சேர்ந்தே நடக்கிறது. எது எந்திரத்தின் பலன், எது காலத்தின் பலன் என்று பிரிக்கும் வலு இந்த எண்களுக்கு இல்லை. ஒரே ஆலையின் பல ஆண்டுக் கணக்கை வைத்துக்கொண்டு அளவு விளைவு தேடுகிறவர்கள் எல்லோரும் இதே சுவரில்தான் முட்டுகிறார்கள். கெழு நம்ப முடியாத அளவுக்குப் போவதும், ஒரு மாறியைச் சேர்த்தால் குறியே மாறுவதும் அதற்கு அடையாளம்.

அப்படியானால் ஒரே ஆண்டில் பல ஆலைகளை ஒப்பிடலாமே என்று தோன்றும். அங்கே வேறொரு சிக்கல். 1944இல் மார்ஷக்கும் ஆண்ட்ரூஸும் அதைச் சுட்டிக்காட்டினார்கள். எத்தனை ஆளை வைப்பது என்பதை நிர்வாகிதான் தீர்மானிக்கிறார். திறமையான நிர்வாகி நடத்தும் ஆலையில் அதே ஆளும் அதே எந்திரமும் அதிகம் விளைவிக்கும். அது தெரிந்து அவர் இன்னும் ஆட்களை எடுப்பார். நம் கணக்கிலோ நிர்வாகத் திறமைக்குக் கட்டமே இல்லை. உற்பத்தி கூடியதற்கான பெருமை முழுவதும் ஆட்களின் எண்ணிக்கைக்குப் போய்விடும். பெரிதாக இருப்பதால் நன்றாக நடக்கவில்லை, நன்றாக நடப்பதால்தான் பெரிதாகியிருக்கிறது. ரிக்ரெஷன் இந்த இரண்டையும் பிரித்தறியாமல் கூட்டுத்தொகையை மேலே தூக்கிவிடும்.

இதற்கு மாற்றாக, பல ஆலைகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து, ஒவ்வோர் ஆலையையும் அதனோடு மட்டுமே ஒப்பிடுவதுண்டு. நிர்வாகி மாறாதவரை அவர் திறமை கணக்கிலிருந்து கழிந்துவிடும். ஆனால் ஓர் ஆலையின் மூலதனம் ஆண்டுக்கு ஆண்டு அதிகம் மாறுவதில்லை. இந்தியாவின் வருடாந்திரத் தொழிற்சாலைக் கணக்கெடுப்பு போன்றவற்றில் கிடைப்பதோ தேய்மானம் கழித்த புத்தக மதிப்பு. அந்தச் சிறு மாற்றத்தில் பெரும்பகுதி கணக்கு எழுதிய விதத்தால் வந்ததாக இருக்கலாம். நிஜ மாற்றத்தைப் பிழை மூடிவிடும்போது மூலதனக் கெழு பூஜ்யத்தை நோக்கிச் சுருங்கும். இந்த முறையில் கூட்டுத்தொகை பெரும்பாலும் 1க்கு வெகு கீழே வருவது ஆய்வாளர்களுக்குப் பழகிப்போன விஷயம். ஆகவே ஆலைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு வந்த எண், ஆலையை அதனோடே ஒப்பிட்டு வந்த எண் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்காட்டாத அறிக்கை எதையும், எந்திர ஓட்ட நேரத்தைச் சொல்லாத அறிக்கையைப் போலவே, பாதிக் கணக்காகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.