மாலைகளை எண்ணும் சராசரி

வட்டமாகக் கோத்த நான்கு மணிகள். ஒவ்வொன்றும் சிவப்பு அல்லது நீலம். இடவாரியாக எழுதினால் 16 அமைப்புகள். சுழற்றும்போது ஒன்றாகிவிடுபவை ஒரே மாலைதான். அதற்காக 16-ஐ 4 சுழற்சிகளால் வகுப்பது தவறு: முழுச்சிவப்பு மாலை பட்டியலில் ஒரே முறைதான் இருக்கிறது, அதைக் கால் மாலையாக்கிவிடுவோம்.

ஒவ்வொரு சுழற்சியும் மாற்றாமல் விடும் அமைப்புகளை எண்ணுவோம். சும்மா விட்டால் 16. கால் சுற்றில் எல்லா மணியும் ஒரே நிறமாக வேண்டும்: 2. முக்கால் சுற்றுக்கும் 2. அரைச் சுற்றில் எதிரெதிர் மணிகள் ஒத்தால் போதும்: 4. மொத்தம் 24, சராசரி 6. முழுச்சிவப்பு நான்கு முறையும் எண்ணப்பட்டு, வகுத்ததும் முழு மாலையாகிறது. அழகான ஈடு!

பர்ன்சைடு பெயரில் வழங்கும் இவ்விதியை 1887-இலேயே ஃபுரோபேனியஸ் எழுதியிருந்தார். மாலையைப் புரட்டவும் அனுமதித்தால் புரட்டல்களையும் சராசரியில் சேர்க்க வேண்டும். நான்கு மணிகளில் விடை மாறாது. ஆறு மணிகளில் 14 என்பது 13 ஆகும்.