கைமுறைக்கும் தன்னியக்கத்துக்கும் இடையே தாவலற்ற கைமாற்றம்

மாணவர்களே, ஹற்றன், நுவரெலியாப் பகுதித் தேயிலைத் தொழிற்சாலைகளில் வாட்டி, உருட்டி, நொதிக்கவைத்த கொழுந்து இறுதியில் உலர்த்திக்குச் செல்கின்றது. விறகு அடுப்பினால் சூடாக்கப்பட்ட காற்று இங்கே ஏறத்தாழ 90 முதல் 100 பாகை செல்சியசில் உட்செல்லும். தேயிலையின் ஈரப்பதன் சுமார் 3% ஆகக் குறையும். காற்று அதிகம் சூடானால் துணிக்கையின் மேற்புறம் இறுகி, உள்ளே ஈரம் தங்கிவிடும்; கருகல் சுவையும் ஏற்படலாம். எனவே உட்செல்லும் காற்றின் வெப்பநிலையைக் கட்டுப்படுத்துதல் அவசியமாகும்.

கட்டுப்படுத்தி வேலை செய்யும் விதம்

வெப்பநிலை குறைந்தால், கட்டுப்படுத்தி அடுப்புக்குக் காற்றூதும் விசிறியின் வேகத்தைக் கூட்டும். வேண்டிய வெப்பநிலையிலிருந்து உண்மை வெப்பநிலையைக் கழித்துப் பெறுவது வழு எனப்படும். வெளியீடு, அதாவது விசிறி வேகத்தின் சதவீதம், இரு பகுதிகளின் கூட்டுத்தொகையாகும்:

வெளியீடு = விகிதசமப் பகுதி + தொகையீட்டுப் பகுதி

விகிதசமப் பகுதி இப்போதுள்ள வழுவைப் பொறுத்தது. தொகையீட்டுப் பகுதி கடந்த நேரத்தின் வழுவைச் சிறிது சிறிதாகச் சேர்த்துவைத்த தொகையாகும். இத்தொகை கட்டுப்படுத்தியின் “ஞாபகம்” போன்றது.

ஓர் உதாரணம்

வேண்டிய வெப்பநிலை 95 பாகை என்க. 1 பாகை வழுவுக்கு விகிதசமப் பகுதி 4% ஆகும். 1 பாகை வழு 1 நிமிடம் நீடித்தால் தொகையீட்டுப் பகுதி 0.8% கூடும். தொடக்கத்தில் வெப்பநிலை சரியாக 95, விசிறி 40%. வழு பூச்சியம் என்பதால் இந்த 40% முழுவதும் தொகையீட்டுப் பகுதியாகும்.

அடுப்பில் சாம்பல் அகற்றி விறகு போடவேண்டும். கதவு திறந்திருக்கும்போது விசிறி வேகமெடுத்தால் சுவாலை வெளியே பாயும். ஆகவே இயக்குபவர் கைமுறைக்கு மாற்றி விசிறியை 30% இல் வைக்கின்றார். வெப்பநிலை 90 பாகைக்கு இறங்கி 10 நிமிடம் அங்கே நிற்கின்றது எனக் கொள்வோம்.

விசிறி இப்போது கட்டுப்படுத்தியின் கையில் இல்லை. ஆயினும் அது வழுவைச் சேர்த்துக்கொண்டே இருந்தால்:

சேர்ந்தது = 5 × 0.8 × 10 = 40%
தொகையீட்டுப் பகுதி = 40 + 40 = 80%
விகிதசமப் பகுதி = 5 × 4 = 20%
வெளியீடு = 100%

தன்னியக்கத்துக்கு மாற்றிய கணமே விசிறி 30% இலிருந்து 100% இற்குத் தாவும். கதவு இன்னும் மூடப்படாவிடின் அருகில் நிற்பவருக்கு ஆபத்து. மூடியிருந்தாலும் புதிய விறகு கொழுந்துவிட்டெரிந்து, சில நிமிடங்களின் பின் வெப்பநிலை 95 ஐத் தாண்டிச் செல்லும். அவ்வேளை உலர்த்தியிலுள்ள தேயிலையே பாதிக்கப்படும்.

தாவலைத் தவிர்த்தல்

கைமுறையில் இருக்கும்போது தொகையீட்டுப் பகுதி வழுவைச் சேர்க்காமல், கையால் வைத்த வெளியீட்டைப் பின்தொடர வேண்டும்:

தொகையீட்டுப் பகுதி = கைமுறை வெளியீடு − விகிதசமப் பகுதி = 30 − 20 = 10%

மாற்றும் கணத்தில் வெளியீடு 20 + 10 = 30%. தாவல் இல்லை. அதன்பின் வழு 5 பாகையாக இருக்கும்வரை விசிறி நிமிடத்துக்கு 4% வீதம் மெல்லக் கூடும்.

இன்னொரு முறையில், கைமுறையின்போது வேண்டிய வெப்பநிலையே உண்மை வெப்பநிலையைப் பின்தொடரும். அப்போது வழு பூச்சியம். தொகையீட்டுப் பகுதி 30%. ஆனால் மாற்றிய பின் இயக்குபவர் வேண்டிய வெப்பநிலையை 90 இலிருந்து 95 இற்கு மீண்டும் உயர்த்த வேண்டும். மறந்தால் உலர்த்தி 90 பாகையிலேயே ஓடும். தேயிலையில் ஈரம் மிஞ்சலாம்.

தன்னியக்கத்திலிருந்து கைமுறைக்கு மாற்றும்போதும் இதுவே விதி. கைமுறைப் பெறுமானம் அக்கணத்திலுள்ள வெளியீட்டிலிருந்தே தொடங்க வேண்டும். பழைய கருவிகளில் இயக்குபவர் முதலில் குமிழைத் திருப்பி இரண்டையும் சமப்படுத்திய பின்னரே ஆளியை மாற்றுவார். இலக்கமுறைக் கருவிகள் பலவற்றில் இது தானாக நிகழும்.

கவனிக்க

1. தாவல் நிகழ்ந்ததா என அறிய வெப்பமானியைப் பார்க்க வேண்டாம். அது தாமதமாகவே காட்டும். மாற்றும் கணத்தில் வெளியீட்டுச் சதவீதத்தைப் பார்க்க வேண்டும்.
2. தாவலற்ற கைமாற்றம் மாற்றும் கணத்துக்கு மட்டுமே பொறுப்பு. அதன்பின் விசிறி மெல்ல வேகமெடுக்கும். ஆகவே கதவை மூடிய பின்னரே தன்னியக்கத்துக்கு மாற்ற வேண்டும்.

பயிற்சி

மேற்கூறிய உலர்த்தியில் கைமுறை வெளியீடு 50%, வெப்பநிலை 97 பாகை. தாவலின்றி மாற்றத் தொகையீட்டுப் பகுதி எவ்வளவாக இருக்க வேண்டும்? மாற்றிய பின் விசிறி வேகம் கூடுமா, குறையுமா?

விடை: வழு = 95 − 97 = −2 பாகை. விகிதசமப் பகுதி = −8%. தொகையீட்டுப் பகுதி = 50 − (−8) = 58%. வழு மறையாக இருப்பதால் விசிறி வேகம் 50% இலிருந்து மெல்லக் குறையும்.