முச்சர்க்கரைக் குழாய் கூறும் செய்தி

புனே நகர மருத்துவமனை ஒன்றில், நீடித்த காய்ச்சலால் வருந்தும் நோயாளியின் இரத்தத்திலிருந்து ஒரு கிருமி வளர்ந்துள்ளதெனக் கொள்வோம். அது டைபாய்டுக் கிருமிதானா என்று அறிய, சாய்வாக உறைய வைத்த முச்சர்க்கரை இரும்பு அகார்க் குழாயை நாம் எடுக்கிறோம்.

இதில் லாக்டோசும் சுக்ரோசும் நூற்றுக்கு ஒன்று வீதம் உள்ளன. குளுக்கோசோ அதில் பத்தில் ஒரு பங்கே. கலந்துள்ள பீனால் சிவப்பு, அமிலம் பட்டால் மஞ்சளாகும். தனித்த ஒரு காலனியை நேர் ஊசியால் தொட்டு, அடிப்பகுதியில் குத்தி, சாய்வின்மேல் இழுக்கிறோம். மூடியைத் தளர்த்தி, 37 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 18 முதல் 24 மணி நேரம் வைக்கிறோம்.

மூன்றனுள் குளுக்கோசை மட்டும் உண்ணும் கிருமி, முதலில் குழாய் முழுவதையும் மஞ்சளாக்கும். அச்சிறிதளவு தீர்ந்ததும், காற்றுப்படும் சாய்வில் பெப்டோனைச் சிதைத்துக் காரத்தை உண்டாக்கும். அங்கே சிவப்பு மீளும். அடி மஞ்சளாகவே நிற்கும். ஆகவே பத்து மணி நேரத்திலேயே பார்த்தால், லாக்டோசை உண்ணும் ஈ. கோலை என்று ஏமாறுவோம். மூடியை இறுக்கினாலும் இப்பிழை நேரலாம்.

நம் குழாயில் சாய்வு சிவப்பு, அடி மஞ்சள், வாயுவைக் காட்டும் குமிழோ விரிசலோ இல்லை. குத்திய தடத்தின் மேல்முனையில் மட்டும் மெல்லிய கறுப்பு. ஹைட்ரஜன் சல்பைடு இரும்புடன் கூடியதன் அடையாளம் அது. டைபாய்டுக் கிருமியின் வழக்கமான கோலம் இதுவே. பாராடைபாய்டு 'ஏ' ஆயின், பெரும்பாலும் வாயு தோன்றும், கறுப்பு தோன்றாது. வேறு பல சால்மொனெல்லாக்கள் அடி முழுவதையும் கறுப்பாக்கி மஞ்சளை மறைக்கும். அமிலமின்றி அக்கறுப்பு தோன்றாதாகையால், அவ்வடியையும் அமிலமென்றே குறிக்கிறோம்.

எனினும் குழாய் காட்டுவது குறிப்பேயன்றித் தீர்ப்பன்று. எதிர்ச்சீரத்தில் கிருமி திரள்வதைக் கண்டு, பிற சோதனைகளும் ஒத்த பின்னரே அதற்குப் பெயரிடுகிறோம்.