எடுப்புகளும் சம்பளமும்

தனியாள் வணிகத்தில் உரிமையாளர் தம் சொந்தத் தேவைக்கு எடுக்கும் தொகை எடுப்புகள் எனப்படும். நாள் முழுவதும் கடையில் உழைக்கும் உரிமையாளர், மாதந்தோறும் தாம் எடுக்கும் தொகையைச் சம்பளம் என்றே கருதக்கூடும். கணக்கியல் அதனைச் சம்பளமாக ஏற்பதில்லை. சட்டப்படி வணிகரும் வணிகமும் ஒருவரே. ஒருவர் தம்மையே பணியில் அமர்த்திக்கொள்ள இயலாது. அவருடைய உழைப்பு, முதல், இடர் ஆகிய அனைத்திற்கும் உரிய ஊதியம் இலாபமே ஆகும்.

மளிகைக் கடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஆண்டின் தொடக்கத்தில் முதல் ₹5,00,000. அவ்வாண்டின் மொத்த இலாபம் ₹4,20,000. வாடகையும் மின்கட்டணமும் ₹60,000. பணியாளர் ஒருவருக்கு மாதச் சம்பளம் ₹10,000. உரிமையாளர் குடும்பச் செலவிற்காக மாதந்தோறும் ₹15,000 எடுக்கிறார்.

பணியாளருக்குச் சம்பளம் கொடுக்கும்போது:

சம்பளக் க/கு ப ₹10,000
ரொக்கக் க/கு ₹10,000

உரிமையாளர் பணம் எடுக்கும்போது:

எடுப்புகள் க/கு ப ₹15,000
ரொக்கக் க/கு ₹15,000

இரண்டிலும் ரொக்கம் குறைகிறது. ஆனால், பற்று வைக்கப்படும் கணக்கு வேறுபடுகிறது. சம்பளம் ₹1,20,000 இலாப நட்டக் கணக்கின் பற்றுப் பக்கத்தில் தோன்றும். எனவே, நிகர இலாபம் ₹2,40,000 ஆகும். எடுப்புகள் ₹1,80,000 அக்கணக்கிற்குச் செல்லாது. இருப்புநிலைக் குறிப்பில் முதலிலிருந்து கழிக்கப்படும். ஆகவே, இறுதி முதல் 5,00,000 + 2,40,000 – 1,80,000 = ₹5,60,000.

எடுப்புகளைச் சம்பளக் கணக்கில் பதிந்திருந்தால், நிகர இலாபம் ₹60,000 எனக் குறைந்து தோன்றும். ஆயினும், இறுதி முதல் 5,00,000 + 60,000 = ₹5,60,000 என்று மாறாமலே இருக்கும். இரண்டு கணக்குகளும் பற்று இருப்புக் காட்டுவதால் இருப்பாய்வும் சமமாகும். இஃது ஒரு விதிப்பிழை. கூட்டுத்தொகைகளைச் சரிபார்ப்பதால் வெளிப்படாது. சம்பளக் கணக்கைச் சம்பளப் பதிவேட்டுடன் ஒப்பிட வேண்டும். பதிவேட்டின்படி ஒரு பணியாளருக்குரிய ₹1,20,000 இருக்க, பேரேட்டில் ₹3,00,000 இருப்பின் பிழை புலப்படும். இறுதிக் கணக்குகள் தயாரிக்கும் முன் அதனைத் திருத்தும் பதிவு:

எடுப்புகள் க/கு ப ₹1,80,000
சம்பளக் க/கு ₹1,80,000

இப்பிழை திருத்தப்படாவிடில், கடன் கேட்கும் வணிகரின் கடை உண்மையில் ஈட்டிய இலாபத்தில் கால்பகுதியே வங்கியின் பார்வைக்குச் செல்லும். வருமான வரிச் சட்டமும் தனியாள் வணிகர் தமக்கே வழங்கிக்கொள்ளும் சம்பளத்தைச் செலவாக அனுமதிப்பதில்லை. வணிக வருமானம் ₹2,40,000 என்ற அடிப்படையிலேயே கணக்கிடப்படும்.

உரிமையாளரின் மகன் கடையில் உண்மையாகவே பணிபுரிந்து சம்பளம் பெற்றால், அது சம்பளச் செலவே. மகனின் கல்லூரிக் கட்டணத்தைக் கடைப் பணத்திலிருந்து செலுத்தினால், அஃது எடுப்பு.