ஆறு தளச் சுமைக்கு அரை மீட்டர் கான்கிரீட் போதுமா?

சென்னையில் கிண்டிப் பக்கம் சில இடங்களில் ஆள் உயரத்துக்குச் சற்று அதிகமாகத் தோண்டினாலே சிதைந்த பாறை தட்டுப்படும். அங்கிருந்து சில கிலோமீட்டர் தெற்கே, பள்ளிக்கரணை சதுப்பை ஒட்டிய மனைகளில் மேலே கொட்டிய மண்ணுக்குக் கீழே மீட்டர் கணக்கில் களிமண் கிடக்கிறது. இரண்டு இடத்திலும் ஒரே வரைபடத்தில், தரைத்தளத்தில் கார் நிறுத்தமும் மேலே ஐந்து மாடியும் கட்டலாம். அஸ்திவாரம் மட்டும் ஒன்றாக இருக்க முடியாது.

கணக்கு எங்கிருந்து தொடங்குகிறது என்று பார்ப்போம். கட்டடம் 15 மீட்டர் அகலம், 20 மீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்வோம். மொட்டை மாடித் தளத்தையும் சேர்த்து ஆறு தளங்கள். ஒரு தளத்துக்கு, ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 1.2 டன் என்பது அனுபவக் கணக்கு. 300 சதுர மீட்டருக்கு மொத்தம் ஏறக்குறைய 2,160 டன். இந்த எடை முழுவதும் தூண்கள் வழியாக மண்ணுக்குப் போக வேண்டும்.

இரண்டு மீட்டர் ஆழத்தில் உள்ள மண், சதுர மீட்டருக்கு 20 டன் தாங்கும் என்றால் 108 சதுர மீட்டர் அஸ்திவாரம் போதும். ஒவ்வொரு தூணின் அடியிலும் தனித்தனி பூட்டிங் போட்டுவிடலாம். செலவு குறைவான வழி இதுதான். மண்ணின் தாங்குதிறன் 10 டன்னாகக் குறைந்தால் 216 சதுர மீட்டர் தேவைப்படும். மனையில் முக்கால் பங்கை பூட்டிங்குகளே அடைத்துக்கொள்ளும். அவற்றைத் தனித்தனியாகத் தோண்டுவதைவிட, கட்டடம் முழுவதற்கும் அடியில் ஒரே தடித்த பலகையாக ராஃப்ட் போடுவது எளிது. பூட்டிங்குகள் மனையில் பாதிக்கு மேல் போனால் ராஃப்ட் பற்றி யோசி என்பது பொறியாளர்களின் வழக்கம். தாங்குதிறன் 5 டன்தான் என்றால் 432 சதுர மீட்டர் வேண்டும். கட்டடத்தின் பரப்பே 300தான். அப்போது ஆழ அஸ்திவாரம், அதாவது பைல், பேச்சுக்கு வருகிறது.

பலர் இந்தக் கணக்கோடு நின்றுவிடுகிறார்கள். மண் உடைந்துவிடாமல் தாங்குமா என்பது முதல் கேள்வி மட்டுமே. எவ்வளவு அமுங்கும் என்பது இரண்டாவது. பள்ளிக்கரணை மாதிரி மனையில் ராஃப்ட்டுக்குக் கீழே 8 மீட்டர் களிமண் இருந்து, கட்டடத்தின் பாரத்தால் அது சராசரியாக 3 சதவீதம் சுருங்கினால் கட்டடம் 24 சென்டிமீட்டர் இறங்கும். களிமண்ணில் ராஃப்ட்டுக்கு இந்தியத் தர நிர்ணயம் அனுமதிப்பது 10 சென்டிமீட்டர். களிமண்ணிலிருந்து நீர் மெல்ல மெல்லத்தான் வெளியேறும் என்பதால், இந்த இறக்கம் குடியேறிய பிறகும் பல ஆண்டுகள் தொடரும். எல்லாப் பக்கமும் சமமாக இறங்கினால் குழாய் இணைப்புகளோடு பாதிப்பு நின்றுவிடும். ஒரு பக்கம் கூடுதலாக இறங்கும்போதுதான் ஆபத்து. தனி பூட்டிங்கில், 5 மீட்டர் இடைவெளியில் உள்ள இரண்டு தூண்களுக்குள் 7.5 மில்லிமீட்டர் வித்தியாசம்தான் வரம்பு. அதைத் தாண்டினால் சுவரில், பெரும்பாலும் ஜன்னல் மூலையிலிருந்து, சாய்வாக விரிசல் கிளம்பும்.

அகலமான அஸ்திவாரத்துக்கு இன்னொரு குணம் உண்டு. ஒன்றரை மீட்டர் பூட்டிங்கின் அழுத்தம் இரண்டு மூன்று மீட்டர் ஆழத்துக்குள் பெருமளவு தணிந்துவிடும். 15 மீட்டர் அகல ராஃப்ட்டின் அழுத்தமோ 20 மீட்டருக்கும் கீழே போய் மண்ணைத் தேடிப் பிடிக்கும். கனடாவில் வினிபெக் அருகே டிரான்ஸ்கோனாவில் 1913 அக்டோபரில் நடந்தது இதற்குச் சாட்சி. ராஃப்ட் மேல் நின்ற தானியக் கிடங்கு, முதல் முறையாகத் தானியம் நிரப்பும்போதே இறங்கத் தொடங்கி, ஒரு நாளுக்குள் சுமார் 27 டிகிரி சாய்ந்தது. கட்டுமுன் மேல்மண்ணில் சிறிய பலகை வைத்துச் சோதித்திருந்தார்கள். அந்த மண் நன்றாகவே தாங்கியது. கீழே இருந்த மென்களிமண் அடுக்கை அந்தச் சோதனை தொடவே இல்லை. பின்னர் பாறை வரை தூண்கள் இறக்கிக் கிடங்கை நிமிர்த்தினார்கள்.

மண் பரிசோதனைக்கு எவ்வளவு ஆழம் துளையிட வேண்டும் என்ற கேள்விக்குப் பதில் இதிலிருந்தே கிடைக்கிறது. ராஃப்ட் என்றால் அதன் அகலத்தைப் போல ஒன்றரை மடங்காவது போக வேண்டும். துளைக்குள் 63.5 கிலோ சம்மட்டியை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விட்டு, குழாய் கடைசி 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை அடி விழுந்தது என்று எண்ணுவார்கள். நான்கு ஐந்து அடியிலேயே இறங்கினால் மென்மண். ஐம்பதைத் தாண்டியும் நகர மறுத்தால் பைல் அங்கே காலூன்றலாம். பத்து மீட்டரோடு நிறுத்திய அறிக்கையை நம்பி 15 மீட்டர் அகல ராஃப்ட் போடுவது டிரான்ஸ்கோனா தவறையே திரும்பச் செய்வது.

பைல் போட்டால் கவலை தீர்ந்தது என்பதும் சரியல்ல. சான்பிரான்சிஸ்கோவின் 58 மாடி மில்லேனியம் டவரில் 900க்கு மேற்பட்ட பைல்கள் அடர்ந்த மணலில் நின்றன, பாறையை எட்டவில்லை. அந்த மணலுக்குக் கீழே பழைய களிமண் அடுக்கு இருந்தது. 2009இல் திறந்த கட்டடம் 40 சென்டிமீட்டர் அளவுக்கு இறங்கிச் சாய்ந்த செய்தி 2016இல் வெளியானது. ஓரத்தில் 18 பைல்களைப் பாறை வரை இறக்கி 2023இல் முடித்த சீரமைப்புக்கு ஏறக்குறைய 10 கோடி டாலர் ஆனது.

இப்போது நம் உதாரணத்துக்கு வருவோம். 24 தூண்கள், ஒன்றுக்குச் சராசரி 90 டன். 45 சென்டிமீட்டர் விட்டமும் 15 மீட்டர் நீளமும் உள்ள பைல் 60 டன் தாங்கும் என்றால், தூணுக்கு இரண்டு, சில இடங்களில் மூன்று என்று சுமார் 50 பைல்கள் வேண்டும். ஒரு பைலுக்கு 2.4 கன மீட்டர் வீதம் 120 கன மீட்டர் கான்கிரீட். தலைப்புகளுக்குத் தனி. 60 சென்டிமீட்டர் கனத்தில் ராஃப்ட் போட்டால் 180 கன மீட்டர். கான்கிரீட்டை மட்டும் பார்த்தால் பைல் மலிவு போலத் தெரியும். துளையிடும் ரிக், பென்டோனைட் சேறு, அந்தச் சேற்றை லாரியில் ஏற்றி அகற்றுவது, சுமைச் சோதனை எல்லாம் சேரும்போதுதான் பைலின் விலை ஏறுகிறது. மறுபுறம், ராஃப்ட்டுக்கு மனை முழுவதும் குழி தோண்ட வேண்டும். நிலத்தடி நீர் மேலே இருந்தால் மோட்டார் இரவுபகலாக ஓட வேண்டும். அப்படி நீரை இறைத்தால் பக்கத்து வீட்டின் அடிமண்ணும் இறங்கக்கூடும். இந்த இரண்டு பட்டியலையும் முழுதாக எழுதிப் பார்க்காமல் ஒப்பந்தக்காரரின் சதுர அடி விலையை மட்டும் ஒப்பிடுவதில் அர்த்தமில்லை.

பைல் வேலையின் குறை கண்ணுக்குத் தெரியாமல் மண்ணுக்குள் புதைந்துவிடும். அதனால் மனைக்காரர் நேரில் கேட்க வேண்டியவை மூன்று. துளையிட்டு முடித்ததும் குண்டு கட்டிய டேப்பை விட்டு ஆழம் பார்க்க வேண்டும். கான்கிரீட் ஊற்றுவதற்குச் சற்று முன் மறுபடி பார்க்க வேண்டும். ஆழம் குறைந்திருந்தால் அடியில் சேறு படிந்திருக்கிறது. அதைக் கழுவி எடுக்காமல் ஊற்றினால் பைல் சேற்றின் மேல்தான் நிற்கும். அடுத்தது கான்கிரீட்டின் அளவு. 2.4 கன மீட்டர் பிடிக்க வேண்டிய துளைக்கு 2.1தான் போனது என்றால், நடுவில் மண் சரிந்து பைல் இடுப்பு ஒடுங்கியிருக்கலாம். மூன்றாவது, வேலைக்குப் போட்ட பைல்களில் சிலவற்றில் ஒன்றரை மடங்குச் சுமை, அதாவது 90 டன், ஏற்றிச் சோதிப்பது. இந்த விட்டத்தில் 12 மில்லிமீட்டருக்கு மேல் இறங்கினால் அந்தப் பைல் தேறவில்லை. பைல் தலைப்புக் கான்கிரீட் போட்ட பிறகு இவற்றைச் சரிசெய்வது மிகக் கடினம் என்பதால், இந்த அளவுகள் எழுதிய பதிவேட்டைப் பார்த்த பின்னரே அடுத்த தவணைப் பணத்தைக் கொடுக்கலாம்.