அரை இன்ச் குழாய் ஏன் 21 மில்லிமீட்டர்?

குளியலறைக் குழாயில் சுவருக்குள் போகும் மரைப் பகுதியை ஸ்கேல் வைத்து அளந்தால் சுமார் 21 மில்லிமீட்டர் வரும். பெட்டியிலோ அரை இன்ச் என்று போட்டிருக்கும். கணக்குப்படி அரை இன்ச் என்பது 12.7 மில்லிமீட்டர்தான். பழைய இரும்புக் குழாயின் உள்வாயை வைத்துச் சொன்ன பெயர் இன்றுவரை நிலைத்துவிட்டதால் வந்த வித்தியாசம் இது. இதை அறியாதவர் 21 மில்லிமீட்டரை அளந்துவிட்டு, 19 மில்லிமீட்டருக்கு இதுதான் பக்கம் என்று முக்கால் இன்ச் குழாயை வரவழைத்துவிடுவார். முக்கால் இன்ச் மரையின் உண்மையான வெளிவிட்டம் 26.4 மில்லிமீட்டர். அது எந்த வகையிலும் சேராது.

அதனால் குழாயைப் பற்றிய விவரக் குறிப்பில் 'அரை இன்ச்' என்று மட்டும் எழுதினால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. எந்த முறை மரை, அது வெளிமரையா உள்மரையா என்பதும் வேண்டும். இந்தியாவில் புழங்குவது பி.எஸ்.பி. எனப்படும் பிரிட்டிஷ் மரை. அமெரிக்காவில் என்.பி.டி. அரை இன்ச் அளவில் இரண்டுக்குமே ஓர் அங்குலத்துக்கு 14 மரைகள். ஆனால் மரையின் கோணம் பிரிட்டிஷ் முறையில் 55 பாகை, அமெரிக்க முறையில் 60 பாகை. எண்ணிக்கை ஒன்றாக இருப்பதால் அமெரிக்கக் குழாய் நம் வீட்டு எல்போவில் முதல் சில சுற்றுகள் ஏறிவிடும், சரியாகப் பிடித்ததுபோலவே தோன்றும். தண்ணீரைத் திறந்தபின்தான் கசிவு தெரியும். உறவினர் அங்கிருந்து கொண்டுவரும் ஷவர் தலை மட்டும் பெரும்பாலும் தப்பித்துவிடுகிறது, காரணம் அதில் நீரைத் தடுப்பது உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர். மரை அதைப் பிடித்துக் கொடுத்தால் போதும்.

அடுத்தது சுவருக்குள் இருக்கும் பைப். வெந்நீருக்கும் தாங்கும் சி.பி.வி.சி. பைப்பும் தண்ணீருக்கான யு.பி.வி.சி. பைப்பும் கடையில் ஒரே 'அரை இன்ச்' பெயரில்தான் கிடைக்கின்றன. முதலாவதன் வெளிவிட்டம் 15.9 மில்லிமீட்டர், இரண்டாவதன் வெளிவிட்டம் 21.3. ஒன்றின் எல்போ இன்னொன்றுக்கு ஆகாது; ஒட்டும் பசையும் வேறு. ஆனால் குழாயை வாங்குபவர் இதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை. எந்த பைப்பாக இருந்தாலும் அதன் முனையில் பித்தளை உள்மரை வைத்த அரை இன்ச் எல்போ இருக்கிறதா என்பதைப் பார்த்தால் போதும். முழுக்கப் பிளாஸ்டிக்கால் ஆன உள்மரையில் உலோகக் குழாயை முறுக்கினால், இறுக்கும் வேகத்திலேயே எல்போ விரியும். அந்த விரிசல் டைல்ஸுக்குப் பின்னால் இருப்பதால் அடுத்த அறைச் சுவரில் ஈரம் படரும்போதுதான் வெளியே தெரியும்.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். பைப் போட்டு முடித்தபின் பூச்சும் டைல்ஸும் ஏறி, எல்போவின் வாய் சுவரின் மேற்பரப்பிலிருந்து 20 மில்லிமீட்டர் உள்ளே போய்விட்டது. வாங்கிய குழாயின் மரை நீளம் 15 மில்லிமீட்டர். இது எட்டவே எட்டாது. உள்ளொடுக்கம் 10 மில்லிமீட்டர்தான் என்றால் நிலைமை இன்னும் மோசம், குழாய் இரண்டு மூன்று சுற்று ஏறி நின்றுவிடும், பார்க்க நன்றாகவே இருக்கும். அந்த இடத்தில் வெள்ளை டேப்பைக் கூடுதலாகச் சுற்றிச் சமாளிப்பவர்கள் உண்டு, அது தவறு. எக்ஸ்டென்ஷன் நிப்பிள் என்ற சிறு பித்தளைத் துண்டை இடையில் வைப்பதே முறை. டேப் சுற்றாமல் குழாயைக் கையால் திருகிப் பார்த்தால் எத்தனை மரை பிடிக்கிறது என்பது அங்கேயே தெரிந்துவிடும். மரை நீளத்தைக் குறிப்பில் எழுதாமல் விடும் விற்பனையாளர் வாங்குபவரை வீணாக அலைய விடுகிறார் என்றே சொல்ல வேண்டும்.

பூச்சு விஷயத்தில் வார்த்தைகளை இன்னும் கவனமாகப் படிக்க வேண்டும். 'குரோம் ஃபினிஷ்' என்பது நிறத்தைச் சொல்கிறது, அடியில் என்ன உலோகம் என்பதைச் சொல்வதில்லை. பிளாஸ்டிக்கின் மேலும் குரோம் பூசலாம். 'பித்தளை உடல், நிக்கல் குரோம் பூச்சு' என்று இருந்தால்தான் அர்த்தம் உண்டு. பித்தளையை அரிக்காமல் காப்பது பெரும்பாலும் நடுவில் இருக்கும் நிக்கல் படலம். அதன் மேலுள்ள குரோமியம் ஒரு மைக்ரானுக்கும் குறைவான மெல்லிய தோல். கழிப்பறை கழுவும் அமிலம் அதன் மேல் தெறித்தால் பளபளப்பு போய்விடும். ஆழ்துளைக் கிணற்று உப்புநீர் படிந்த வெள்ளைக் கறைக்கு, நீர்த்த வினிகரில் நனைத்த துணியால் சிறிது நேரம் துடைத்து உடனே நல்ல நீரில் கழுவினால் போதும்.

இவ்வளவையும் ஒரே வரியில் எழுத முடியும்: 'சுவர்க் குழாய், பித்தளை உடல், நிக்கல் குரோம் பூச்சு, அரை இன்ச் பி.எஸ்.பி. வெளிமரை, மரை நீளம் 15 மில்லிமீட்டர், பித்தளை உள்மரை எல்போவுக்குப் பொருந்தும், சுவர் ஃபிளாஞ்ச் உடன்.' இதைப் படிக்கும் பிளம்பர் நிப்பிள் வேண்டுமா என்பதை வீட்டுக்கு வரும் முன்பே சொல்லிவிடுவார். அவர் கேட்க வேண்டியது எல்போ எவ்வளவு உள்ளே இருக்கிறது என்பது மட்டும்தான்.