மைக்செட்டில் கேட்ட கல்யாணப் பாட்டு

கதை தாம்பரத்தில் தொடங்குகிறது. வாடகைக் காரில் ஏறிய எழுபத்தெட்டு வயது அம்மா மயிலாப்பூர் போக வேண்டும். குரோம்பேட்டை தாண்டியதும் கேட்கிறார்: "தம்பி, எங்க கல்யாணத்தன்னிக்குப் போட்ட பாட்டு ஒண்ணு இருக்கு. உங்க வண்டியில வருமா?"

படத்தின் பெயர் அவருக்கு நினைவில்லை. ஓட்டுநர் விவரமானவர். "எந்த வருஷம்மா? ஆம்பிளைக் குரலா, பொம்பளைக் குரலா?" என்று விசாரிக்கிறார். 1965, தஞ்சாவூர்ப் பக்கம். பெண்குரல். மணப்பெண்ணை மேடைக்கு அழைத்துவரும் தோழிகளின் பாட்டு. இவ்வளவு தெரிந்தால் போதும். 1961-இல் வந்த 'பாசமலர்' படத்தில், கண்ணதாசன் எழுதி, விஸ்வநாதன் - ராமமூர்த்தி இசையில் எல்.ஆர்.ஈஸ்வரி பாடியது. தமிழ்நாட்டுக் கல்யாண வீடுகளில் அந்தப் பாட்டு ஒலிக்காத ஊர் குறைவு.

செல்போனில் தேடியதும் முதலில் வந்ததைப் போட்டார். இரண்டு வரி கேட்ட அம்மா, "இது ஈஸ்வரி இல்லப்பா" என்றார். பிற்காலத்தில் வேறொருவர் மேடையில் பாடிய பதிவு அது. பழைய பாட்டைத் தேடுகிறவர்கள் அடிக்கடி ஏமாறும் இடம் இது; படத்தின் பெயர் சரியாக இருந்தாலும் பாடியவர் பெயரையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அசல் பதிவைப் போட்டபோதும் அவர் முகம் முழுதாக மலரவில்லை. "குரல் அதுதான். ஆனா அன்னிக்கு இப்படிக் கேக்கல."

அவர் சொன்னது உண்மை. அன்றைக்கு மைக்செட்டுக்காரர் கொண்டுவந்தது நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் அரக்கு இசைத்தட்டு. ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம்தான் பிடிக்கும். தென்னை மரத்தில் கட்டிய குழாய் ஒலிபெருக்கி தாழ்ந்த ஒலிகளை அவ்வளவாக வெளியே விடாது. தபலாவின் கனத்த அடி மங்கி, குரல் மட்டும் வயலைத் தாண்டிப் போகும். ஊரே கேட்க வேண்டும் என்பதற்காகவே அந்தக் குழாய். காரில் நேர்மாறு: கீழ் ஒலியைக் கூட்டிவைத்திருந்தார் ஓட்டுநர். கதவு அதிர்ந்தது, பாடகி பின்னுக்குப் போனார்.

கிண்டி சிக்னலில் வண்டி நின்றபோது பேஸை முழுக்கக் குறைத்து, டிரெபிளைச் சற்றுக் கூட்டினார். பாட்டு மெலிந்தது, குரல் முன்னால் வந்தது.

"இதான்! இதேதான் தம்பி!" அம்மா முன் இருக்கையைப் பிடித்துக்கொண்டார். "பந்தல்ல நான் குனிஞ்சே நின்னேன், மாப்பிள்ளை முகத்தக்கூடப் பாக்கல. பாட்டு மட்டும் கேட்டுது. முடிஞ்சதும் அந்தப் பையன் எம்.ஜி.ஆர். பாட்டுப் போட்டான். எங்க மாமனார் சிவாஜி கட்சி. தட்டை நிறுத்துடான்னு பந்தல்லயே சத்தம் போட்டார்!"

"எந்த எம்.ஜி.ஆர். பாட்டும்மா?" என்றார் ஓட்டுநர், பச்சை விளக்கு விழுந்ததையும் கவனிக்காமல்.